சீனியர் தந்த ரெக்கார்டும் முதல் பக்கத்துச் சான்றிதழும்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். விடுதியில் இருக்கும் சீனியர் அண்ணன் தன்னுடைய இயற்பியல் ரெக்கார்டு, அசைன்மென்ட், கேள்வி வங்கி விடைகள் எல்லாவற்றையும் அவராகவே என்னிடம் கொடுத்தார். சோதனைகளும் கேள்விகளும் இந்த வருடமும் அப்படியேதான் இருக்கின்றன. கொடுத்தவரே சம்மதித்துக் கொடுத்ததை நான் எழுதி வைத்தால் அது எப்படி முறைகேடு ஆகும்?

பதில்:

முறைகேடுதான். உங்கள் அண்ணனின் சம்மதம், அவருடைய நோட்டை நீங்கள் திருடவில்லை என்பதை மட்டும் காட்டும். திருடியதாக உங்கள்மேல் யாரும் குற்றம் சாட்டப்போவதும் இல்லை. அந்த எழுத்தை உங்கள் பெயரில் சமர்ப்பிக்கும்போது, மதிப்பெண் போடுகிறவரிடம் நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள்: "இதைச் செய்தவன் நான்." அந்தக் கூற்று பொய் என்றால் ஏமாற்றப்படுகிறவர் ஆசிரியர். அவர் சார்பில் சம்மதம் கொடுக்க உங்கள் அண்ணனுக்கு உரிமை கிடையாது.

இது வெறும் தத்துவம் என்று தோன்றினால் உங்கள் ரெக்கார்டு நோட்டின் முதல் தாளைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பொறியியல் கல்லூரி ரெக்கார்டுகளிலும் அந்தத் தாளில் போனஃபைட் சர்டிஃபிகேட் அச்சிடப்பட்டிருக்கும். இன்னார், இந்த ஆண்டில், இந்த ஆய்வகத்தில் செய்த வேலையின் உண்மையான பதிவு இது என்று ஒரே ஒரு வாக்கியம். அதன்கீழ் ஆய்வகப் பொறுப்பாசிரியர் கையொப்பமிட ஓர் இடம், துறைத்தலைவருக்கு ஓர் இடம், செய்முறைத் தேர்வன்று அகத் தேர்வாளரும் புறத் தேர்வாளரும் கையொப்பமிட இரண்டு இடங்கள். ஆக, அந்த நோட்டுக்குள் இருக்கும் அளவீடுகள் போன வருடம் வேறொருவர் எடுத்தவையாக இருந்தால், நீங்கள் மட்டும் பொய் சொல்லவில்லை; நான்கு பேரைத் தெரியாமலே ஒரு பொய்ச் சான்றில் கையொப்பமிட வைக்கிறீர்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் நின்று அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவன், சில விசாரணைக் குழுக்களிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். (ஆசிரியர்களும் அதை அவ்வளவாகப் படிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

ரெக்கார்டில் எல்லா வரிகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை ஆகிய பகுதிகள் ஆய்வகக் கையேட்டில் உள்ளவை. வகுப்பில் 60 பேரும் அதையே எழுதுவார்கள், எழுதவேண்டும் என்றுதான் ஆசிரியரும் எதிர்பார்க்கிறார். அந்தப் பகுதியைக் கையேட்டிலிருந்து எழுதினாலும் அண்ணன் ரெக்கார்டிலிருந்து எழுதினாலும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஒரே மேசையில் ஒரே கருவியில் சேர்ந்து வேலை செய்த இரண்டு மூன்று பேரின் ரெக்கார்டில் ஒரே அளவீடுகள் இருப்பதும் தவறில்லை, ஏனென்றால் அவர்கள் சேர்ந்து எடுத்தவை அவை. முறைகேடு என்பது அட்டவணைக்குள் நுழையும்போதுதான் ஆரம்பிக்கிறது: அளவீடுகள், அவற்றிலிருந்து போட்ட கணக்கு, அதன் முடிவு. சான்றிதழ் சொல்லும் "செய்த வேலை" அந்த மூன்றும்தான்.

ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சீரற்ற வளைவு முறையில் ஒரு மரச் சட்டத்தின் யங் குணகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை முதலாமாண்டு ஆய்வகங்களில் பரவலாக உண்டு. சட்டத்தை இரண்டு கத்தி முனைகளின்மேல் கிடத்தி, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு எடைக்கும் நடுப்பகுதி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை டிராவலிங் மைக்ரோஸ்கோப்பால் அளக்கிறோம். சூத்திரம் இது:

```
E = M g l³ / (4 b d³ y)
```

இதில் l கத்தி முனைகளுக்கு இடைப்பட்ட தூரம், b சட்டத்தின் அகலம், d அதன் தடிமன், y என்பது M எடைக்கு ஏற்படும் இறக்கம். அகலத்தை வெர்னியர் காலிப்பராலும் தடிமனைத் திருகு அளவியாலும் அளப்பீர்கள். தடிமன் மும்மடியாக வருகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் திரும்புகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இந்தச் சோதனையின் ரெக்கார்டை என்னிடம் கொண்டுவந்தார். கல்லூரியையும் அவரையும் பெயர் சொல்லத் தேவையில்லை. எண்களையும் எளிமையாக்கித் தருகிறேன். ஆய்வக நாளன்று அவருடைய அணிக்கு மைக்ரோஸ்கோப் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. அகலத்தையும் தடிமனையும் மட்டும் அளந்து, அப்சர்வேஷன் நோட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இறக்கத்துக்கான அட்டவணை வெற்றாகவே இருந்தது. விடுதியில் சீனியரின் ரெக்கார்டு இருந்தது, அதிலிருந்த மைக்ரோஸ்கோப் அளவீடுகளை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். கத்தி முனைகளின் தூரம் இரண்டு பேருக்கும் 80 செ.மீ., அகலமும் இருவருக்கும் 2.52 செ.மீ. சீனியருடைய சட்டத்தின் தடிமன் 6.02 மி.மீ., 100 கிராமுக்கு இறக்கம் 0.228 செ.மீ. என்று வந்திருந்தது, கணக்குப் போட்டால் யங் குணகம் 1.00 × 10¹⁰ நியூட்டன்/ச.மீ. ஆனால் இந்த மாணவருடைய மேசையிலிருந்த சட்டம் வேறு. அதன் தடிமன் 5.64 மி.மீ. என்று அவரே அளந்திருந்தார், நானே கையொப்பமிட்டிருந்தேன்.

இரண்டு தடிமன்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் மும்மடி எடுத்தால் 6.02-க்கும் 5.64-க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.22 ஆகிவிடுகிறது. அதாவது சீனியரின் இறக்கத்தையும் தன் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் யங் குணகம் 1.22 × 10¹⁰ என்று வரவேண்டும். அந்த மாணவருக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. சீனியரின் ரெக்கார்டில் 1.00 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, தான் எங்கோ கணக்கில் பிசகிவிட்டோம் என்று முடிவுகட்டி, கடைசி வரியில் 1.00 என்றே எழுதிவிட்டார். ரெக்கார்டில் தடிமன் 5.64, இறக்கம் 0.228, முடிவு 1.00. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கால்குலேட்டரை அவரிடம் நீட்டி, "இந்த வரியை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டுப்பா" என்றேன். இரண்டு முறை போட்டார். மூன்றாவது முறை கால்குலேட்டரை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அந்தக் கணக்குப் பிழை இல்லாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். டிராவலிங் மைக்ரோஸ்கோப்பின் முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு 0.05 செ.மீ., வெர்னியரில் 50 பிரிவுகள், மீச்சிற்றளவு 0.001 செ.மீ. எடை தாங்கி மட்டும் தொங்கும்போது சீனியரின் அளவீடு 7.362 செ.மீ. இந்த 7.362 என்ற எண் சட்டத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப்பை எந்த உயரத்தில் வைத்தார்கள், சட்டத்தின் நடுவில் குத்திய ஊசியின் முனை அன்றைக்கு எங்கே நின்றது என்பதைப் பொறுத்து வரும் எண் அது. அடுத்த வாரம் அதே அணி அதே சட்டத்தில் மறுபடி செய்தால் 7.362 திரும்ப வராது, 5.8 வரலாம், 9.1 வரலாம். திரும்ப வரவேண்டியது இரண்டு அளவீடுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான். ஆகவே ஒரு வருட இடைவெளியில் வேறு சட்டத்தில் வேலை செய்த ஒருவரின் ரெக்கார்டில் எடை ஏற்றும்போது எடுத்த அளவீடுகளும் இறக்கும்போது எடுத்த அளவீடுகளும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தால், அதைத் தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை. முடிவு ஒன்றாக இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, நல்ல சோதனை என்றால் முடிவு ஒத்துத்தான் வரவேண்டும். தொடக்க எண் ஒன்றாக இருப்பதுதான் காட்டிக்கொடுக்கிறது. நகல் எடுக்கிறவர்கள் முடிவை மாற்றுவதில் மெனக்கெடுவார்கள், தொடக்க எண்ணைத் தொடமாட்டார்கள்.

சிலர் கொஞ்சம் சாமர்த்தியமாக எல்லா எண்களையும் லேசாக மாற்றி எழுதுவதுண்டு. முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு 0.05 என்பதால் முதன்மை அளவு 7.30, 7.35, 7.40 என்றுதான் போக முடியும். மாற்றி எழுதுகிறவர் அந்தக் கட்டத்தில் 7.33 என்று எழுதிவிடுவார். அப்படி ஓர் எண் அந்தக் கருவியில் இருக்கவே முடியாது. கருவியைக் கையால் தொட்டவருக்கு இந்தப் பிழை வராது. அதனால் அட்டவணையை வாசிக்கும்போது என் கண் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். எண்களை மாற்றி எழுதுவது தவற்றைக் குறைப்பதும் இல்லை. சீனியரின் அளவீட்டை நகலெடுத்தால் அது நகல். அதை மாற்றி எழுதினால், யாருமே எடுக்காத ஓர் அளவீட்டை உண்டாக்குகிறீர்கள், அது இட்டுக்கட்டல். விசாரணைக் குழு இரண்டாவதைக் கடுமையானதாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

அடுத்து உங்கள் அசைன்மென்டும் கேள்வி வங்கியும். "கேள்வியை மாற்றாதது ஆசிரியரின் சோம்பல், அதற்கு நான் என்ன செய்வேன்" என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. சோம்பல் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே ஐந்து கேள்விகளைப் பல வருடங்கள் தொடர்ந்து தரும் துறைகள் இருக்கின்றன, அந்த வெட்கம் எங்களுடையது. ஆனால் கேள்வி பழையது என்பதால் உங்கள் விடை பழையதாக இருக்கலாம் என்று பொருள் ஆகாது. ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வி புதிய ஒருவரிடம் கேட்கப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி ஒரு தியரிப் பாடத்தில் 100-க்கு 40 மதிப்பெண் இன்டர்னல், ஆய்வகப் பாடத்தில் 60 மதிப்பெண் இன்டர்னல். பல கல்லூரிகளில் அசைன்மென்டும் ரெக்கார்டும் இந்தப் பங்கில்தான் சேருகின்றன. செமஸ்டர் தேர்வுக் கூடத்தில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவதை முறைகேடு என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். அதே மதிப்பெண் பட்டியலில் சேரும் இன்டர்னலை மட்டும் வேறு கண்ணோடு பார்ப்பது பழக்கதோஷம்.

கேள்வி வங்கியில் மட்டும் கோடு சற்று நுணுக்கமாக ஓடுகிறது. இங்கே என் சக ஆசிரியர்கள் சிலரே அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பழைய வினாத்தாள்களையும், துறையே அச்சடித்துத் தரும் இரண்டு மதிப்பெண் வினா-விடைத் தொகுப்பையும், சீனியர்கள் எழுதி வைத்த 13 மதிப்பெண் விடைகளையும் படித்து, புரிந்தோ புரியாமலோ மனப்பாடம் செய்து, தேர்வுக் கூடத்தில் எந்தத் துணையும் இல்லாமல் எழுதினால் அது முறைகேடு ஆகாது. அது நல்ல படிப்பா என்பது வேறு விவாதம். தேர்வுக் கூடத்தில் நீங்கள் சொல்லும் கூற்று "இதை இப்போது என் நினைவிலிருந்து எழுதுகிறேன்" என்பது; அது உண்மை.

அதே விடையை வீட்டில் செய்து வரச் சொன்ன அசைன்மென்டாகச் சமர்ப்பித்தால் கதை மாறுகிறது. அசைன்மென்டில் நீங்கள் சொல்லும் கூற்று "இந்தக் கேள்வியை நானே அணுகி, படித்து, இந்த விடையை உருவாக்கினேன்" என்பதாகிவிடுகிறது. மூன்றாவதாக, இன்று பல கல்லூரிகளில் இணையவழி வினாத் தேர்வுகள் நடக்கின்றன. மூடில் போன்ற தளத்தில் ஆசிரியர் ஒரு பெரிய வினாத் தொகுப்பைச் சேர்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் அதிலிருந்து சில கேள்விகள் வரும்படி செய்வார். அந்தத் தொகுப்பு வெளியிடப்பட்டதல்ல. போன வருடத்து மாணவர்கள் திரையைப் படம்பிடித்து, விடையைக் குறித்து, வாட்ஸாப் குழுவில் தலைமுறை தலைமுறையாகக் கடத்திக்கொண்டு வரும் கோப்பு அதன் கசிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவது, வினாத்தாளை முன்கூட்டியே வாங்கிவிட்டு எழுதுவதற்குச் சமம். துறை வெளியிட்ட வினா வங்கியும் இதுவும் பெயரில் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஐயம் வந்தால் இதை ஆசிரியர் மாணவர்களுக்கென்று வெளியிட்டாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இது எப்படித் தெரியவரும் என்பதற்கும் ஒரு சின்ன உதாரணம். கார்னோ இயந்திரத்தின் திறனைக் கேட்கும் கேள்வியில் பழைய தொகுப்பில் வெப்ப மூலம் 500 கெல்வின், வெப்ப ஏற்பி 300 கெல்வின். விடை 40 விழுக்காடு. அடுத்த வருடம் ஆசிரியர் வேறு ஒன்றையும் தொடாமல் 500-ஐ 600 ஆக்கிவிட்டார். விடை 50 ஆகிவிட்டது. கேள்வியைப் படித்துக் கணக்குப் போட்டுத் தவறிழைத்தவர்கள் பல வகையான தவறான விடைகளைத் தருவார்கள். ஆனால் தெரிவுகள் இல்லாமல், கட்டத்தில் எண்ணைத் தட்டச்சு செய்யவேண்டிய அந்தக் கேள்விக்குப் பலர் ஒன்றுபோல 40 என்று தட்டினால், அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதை விளக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் தேர்வைத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அந்தத் தளம் பதிந்து வைக்கிறது. கணக்குப் போடவேண்டிய கேள்விகளை வாசிக்கும் நேரத்துக்குள் முடித்தவர்கள் அங்கேயும் தெரிவார்கள். விடுதியில் கைமாறும் விடைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு: முதலில் எழுதியவரின் தவறுகளும் சேர்ந்தே வரும். எங்களிடம் ஓர் அசைன்மென்டில் ஒரு மாறிலியின் அடுக்குக் குறி மைனஸுக்குப் பதில் பிளஸ் என்று வந்துகொண்டே இருந்தது. மூன்று தொகுதி மாணவர்கள் அதே இடத்தில் அதே பிழையைச் செய்தார்கள்.

இனி விதி என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இதைத் தவறாக மேற்கோள் காட்டித் தப்பிக்கப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறையை வெளியிட்டது. ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை ஒரு நிலை, 40-க்கு மேல் 60 வரை அடுத்த நிலை, 60-க்கு மேல் போனால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும் என்று அது நிலைகளை வகுத்தது. இந்த 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "அதுவரைக்கும் காப்பியடிக்கலாம்" என்று புரிந்துகொள்பவர்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் அந்த ஒழுங்குமுறையின் வரையறைப் பகுதியை நன்றாகவே படித்தவர்கள். அசைன்மென்ட், பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, பாடவேலை, விடைத்தாள் ஆகியவை இதில் அடங்கா என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதைக் காட்டி, "மானியக் குழுவே விலக்கு அளித்துவிட்டது" என்பார்கள்.

விலக்கு உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. அந்த ஒழுங்குமுறை முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும் உரியது. இளநிலை மாணவரின் ரெக்கார்டும் அசைன்மென்டும் அதன் வேலை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிட்டது, அனுமதித்துவிடவில்லை. அவை எப்போதும்போல உங்கள் கல்லூரியின் ஒழுங்கு விதிகளுக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளுக்கும் கீழேதான் வருகின்றன. அந்த விதிகளில் விழுக்காட்டுப் படிகள் இல்லாத இடங்களே அதிகம். ஆகவே 10 விழுக்காட்டுச் சலுகை உங்களுக்குப் பொருந்துவதே இல்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக நினைத்தால் இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஒருவர் தன் வேலையை இன்னொருவர் சமர்ப்பிப்பதற்கென்று கொடுப்பதைக் கூட்டுச்சதி என்ற தனித் தலைப்பில் குற்றமாக வைத்திருப்பது பொதுவழக்கம். அங்கே பரவலாக உள்ள டர்ன்இட்இன் மென்பொருள் இணையத்தோடு மட்டுமின்றி, முந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் ஏற்றிய கட்டுரைகளின் சேமிப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. படித்து முடித்துப் போய்விட்ட சீனியரின் கட்டுரை என்பதால் கண்ணில் படாது என்று நம்புகிறவர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோட்டைக் கொடுத்ததாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். எதற்காகக் கொடுத்தார் என்பதைத்தான் குழு கேட்கும். மேலே சொன்ன மாணவரின் சீனியரையும் அழைத்தோம். "பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் கொடுத்தேன்" என்றார், அதை நாங்கள் நம்பவும் தயாராக இருந்தோம். ஆனால் ஜூனியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீட்டிய கைப்பேசியில், "ரீடிங்ஸ் அப்படியே எழுதிடு, சார் பார்க்க மாட்டார்" என்று அவரே அனுப்பிய செய்தி இருந்தது. அதன்பிறகு அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது, அவருடைய பழைய ரெக்கார்டும் திரும்ப எடுத்துப் பார்க்கப்பட்டது. உதவப் போன இடத்தில் ஒரு வருடம் கழித்து அகப்பட்டுக்கொண்டவர் அவர். உங்கள் கேள்வியில் இருக்கும் சம்மதம் உங்களைக் காக்காது, கொடுத்தவரையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

சரி, அந்த ரெக்கார்டைத் தொடவே கூடாதா என்றால், அப்படி இல்லை. ஆய்வகத்துக்கு வருவதற்கு முந்தைய நாள் அதைத் திறந்து, அட்டவணையின் தலைப்புகள் எப்படி இருக்கின்றன, ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஏன் இரண்டு தடவை அளக்கிறார்கள், அலகுகளை எங்கே மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். அவருடைய அளவீடுகளை எடுத்துக்கொண்டு அவர் விடை வருகிறதா என்று ஒரு தனித் தாளில் கணக்குப் போட்டுப் பழகுங்கள். அந்தத் தாளை யாரிடமும் சமர்ப்பிக்காதவரை அது படிப்பு. பிறகு நோட்டை மூடிவிட்டு, உங்கள் ரெக்கார்டை உங்கள் அப்சர்வேஷன் நோட்டிலிருந்து மட்டும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் திறந்து வைத்துக்கொண்டு உட்காரவேண்டாம், கை தானாகவே அந்தப் பக்கம் போகும்.

கருவி கிடைக்காமல் அளவீடு எடுக்க முடியாமல் போனால், அட்டவணையை வெறுமையாக விட்டு, மறுபடி செய்ய நாள் கேளுங்கள். செமஸ்டர் முடிவதற்குள் விடுபட்ட சோதனைகளைச் செய்ய ஒரு வாரம் ஒதுக்குவது பெரும்பாலான ஆய்வகங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். நான்கு எடைகளுக்குப் பதில் இரண்டுக்கு மட்டுமே அளக்க முடிந்தது என்றால் இரண்டை மட்டும் எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். முடிவு புத்தக மதிப்பிலிருந்து விலகி நின்றது என்பதற்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை. விலகலுக்குக் காரணம் யோசித்து எழுதியவருக்குக் கூட்டிப் போட்டிருக்கிறேன். எல்லா ஆசிரியர்களும் இப்படி என்று உத்தரவாதம் தர முடியாது. புத்தக மதிப்பு வரவில்லையென்றால் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், நகலெடுக்கும் பழக்கத்தை வளர்த்துவிடுகிறவர்களும் அவர்கள்தான். அப்படி ஒருவரிடம் மாட்டினால் அப்சர்வேஷன் நோட்டில் அவரே போட்ட கையொப்பத்தைக் காட்டுங்கள். அளவீடு உங்களுடையது என்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் கிடையாது.

ஏற்கெனவே ஏதாவது எழுதிச் சமர்ப்பித்துவிட்டீர்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. சமர்ப்பித்திருந்தால், வைவாவுக்கு முன் ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் நேராகப் போய், எந்தச் சோதனையின் அளவீடுகள் உங்களுடையவை அல்ல என்று சொல்லி, அதைத் திரும்பச் செய்ய அனுமதி கேளுங்கள். அவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கும் நீங்களாகச் சொல்வதற்கும் விசாரணைக் குறிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்த யங் குணகம் மாணவருக்கு அந்தச் சோதனைக்கான மதிப்பெண் பூஜ்யம் ஆக்கப்பட்டது, வீட்டுக்குக் கடிதம் போனது, சோதனையைத் திரும்பச் செய்யாமல் ரெக்கார்டில் கையொப்பம் இல்லை என்றும் முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை பிற்பகல் தனியாக வந்து செய்தார். மைக்ரோஸ்கோப்பில் குறுக்குக் கம்பியை ஊசி முனையோடு பொருத்தவே அவருக்கு முதலில் கால் மணி நேரம் பிடித்தது, ஏனென்றால் அதற்குமுன் அவர் அதைத் தொட்டதில்லை. தொடக்க அளவீடு 5.917 வந்தது. 100 கிராமுக்கு இறக்கம் 0.274 செ.மீ., சீனியருடையதைவிடக் கணிசமாக அதிகம். மெல்லிய சட்டம் அதிகம் வளையத்தானே வேண்டும். தன் 5.64-ஐப் போட்டுக் கணக்கிட்டபோது 1.01 × 10¹⁰ வந்தது. "சார், அண்ணாவுக்கு வந்ததேதான் எனக்கும் வருது" என்று ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். அவருடைய சட்டத்தையும் சீனியரின் சட்டத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டும் ஒரே மரம்தான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.